வேறு ரூமிலிருந்து பிசி கேம் விளையாடும்போது வரும் திக்கல்: நெட் பிளானை மாற்றும் முன் பார்க்க வேண்டிய ஏழு வரிகள்

கேள்வி: என் ரூமில் கேமிங் பிசி இருக்கிறது, ஆர்டிஎக்ஸ் 3060 கார்டு. ஹாலில் உட்கார்ந்து பழைய லேப்டாப்பிலோ போனிலோ விளையாட ஆசை. லேப்டாப் நாலாம் தலைமுறை ஐ3, திரை 1366x768. பிசியில் படத்தை அனுப்பும் சன்ஷைன், லேப்டாப்பில் அதை வாங்கிக் காட்டும் மூன்லைட் இரண்டையும் போட்டு இணைத்துவிட்டேன். படம் வருகிறது, ஆனால் திக்கித் திக்கி ஓடுகிறது, சில நேரம் கட்டம் கட்டமாக உடைகிறது. தெளிவாக இருக்கட்டும் என்று HEVC வீடியோ வடிவம், 1080p, 50 எம்பிபிஎஸ் வைத்திருக்கிறேன். பிசி யூஎஸ்பி வைஃபை டாங்கிளில் ஓடுகிறது. நெட் பிளான் 100 எம்பிபிஎஸ். 300க்கு மாற்றினால் சரியாகுமா?

பதில்:

மாற்ற வேண்டாம், அந்தக் காசு மிச்சம். பிசியிலிருந்து லேப்டாப்புக்கு வரும் படம் உங்கள் வீட்டை விட்டு வெளியே போவதே இல்லை. பிசியிலிருந்து ரவுட்டர், ரவுட்டரிலிருந்து லேப்டாப், அவ்வளவுதான் அதன் பயணம். ரவுட்டருக்குப் பின்னால் வரும் ஃபைபரைக் கழற்றி வைத்தாலும், கேம் ஆன்லைன் லாகின் கேட்காத வரை, மூன்லைட் ஓடும். 20 எம்பிபிஎஸ் வைத்து ஒரு மணி நேரம் விளையாடினால் 9 ஜிபி கைமாறுகிறது. அதில் ஒரு எம்பி கூட உங்கள் பிளான் கணக்கில் ஏறாது.

பிளான் வேகம் கூடினால் யூடியூப் நன்றாக ஓடுகிறதே, இது மட்டும் ஏன் அப்படி இல்லை என்று தோன்றும். யூடியூப் அடுத்த அரை நிமிடத்துக்கான வீடியோவை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்கிறது. நடுவில் வைஃபை ஒரு வினாடி தூங்கி எழுந்தாலும் நமக்குத் தெரியாது. கேமில் அது முடியாது. அடுத்த நொடி நீங்கள் எந்தப் பட்டனை அழுத்தப்போகிறீர்கள் என்பது பிசிக்குத் தெரியாதே. ஒவ்வொரு ஃப்ரேமும் அப்போதே உருவாகி, அப்போதே வந்து சேர வேண்டும். வினாடிக்கு 60 ஃப்ரேம் என்றால் ஒரு ஃப்ரேமுக்குக் கிடைக்கும் அவகாசம் 16.7 மில்லிசெகண்ட். ஆகவே இங்கே வேகத்தை விட ஒழுங்குதான் முக்கியம். 30 எம்பிபிஎஸ் மட்டுமே தரும் ஆனால் சீராகத் தரும் இணைப்பில் கேம் வழுக்கிக்கொண்டு ஓடும். 300 தருகிறேன் என்று சொல்லி, அவ்வப்போது 80 மில்லிசெகண்ட் மூச்சை நிறுத்தும் இணைப்பில் ஓடாது.

இன்னொரு கணக்கையும் பார்த்துவிடுவோம், பிறகு சொல்லப்போவது எல்லாம் இதிலிருந்துதான் வருகிறது. 20 எம்பிபிஎஸ்ஸை 60 ஃப்ரேமுக்குப் பிரித்தால் ஒரு ஃப்ரேம் ஏறத்தாழ 42 கிலோபைட். அது ஒரு கிலோபைட் அளவிலான நாற்பது சொச்சம் பாக்கெட்டுகளாக உடைந்து ஒரே மூச்சில் கிளம்புகிறது. கூடவே சன்ஷைன் இயல்பாக 20 சதவீதம் உபரிப் பாக்கெட்டுகளையும் அனுப்புகிறது. வழியில் ஏழெட்டு வரை தொலைந்தால் அந்த உபரியை வைத்து லேப்டாப்பே ஃப்ரேமை மீட்டுக்கொள்ளும். அதற்கு மேல் தொலைந்தால் ஃப்ரேம் போச்சு. வீடியோவில் ஒவ்வொரு ஃப்ரேமும் முந்தையதை நம்பி இருப்பதால், ஒன்று போனால் அடுத்தடுத்தவையும் கெடும். உடனே லேப்டாப், முழுப் படமாக ஒன்றை அனுப்பு என்று பிசியிடம் கேட்கும். முழுப் படம் சாதாரண ஃப்ரேமை விடப் பெரியது, ஏற்கெனவே மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும் வைஃபைக்கு அது இன்னும் சுமை. நீங்கள் பார்க்கும் அந்தக் கட்டம் கட்டமான உடைசல் இந்த இடத்தில்தான் பிறக்கிறது. தெளிவுக்காக நீங்கள் 50 வைத்தபோது ஒரு ஃப்ரேம் 104 கிலோபைட் ஆனது, அதாவது நூறு பாக்கெட்டுக்கு மேல். பழுதான சாலையில் லாரியில் இரண்டரை மடங்கு சரக்கு ஏற்றியது போலத்தான்.

சரி, எங்கே பழுது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பெரும்பாலானோர் இங்கே ஊகத்தில் இறங்கி, ஒரு நாள் ரவுட்டரை மாற்றுவார்கள், மறுநாள் விண்டோஸை மறுபடி போடுவார்கள். தேவையே இல்லை. லேப்டாப்பில் கேம் ஓடும்போது Ctrl+Alt+Shift+S அழுத்துங்கள். திரையின் மூலையில் சில வரிகள் வரும். ஆண்ட்ராய்டு போனில் அதே விவரத்தைக் காட்டச் சொல்ல மூன்லைட் செட்டிங்ஸில் ஒரு டிக் இருக்கிறது. எத்தனையோ வருடமாக இதைப் பயன்படுத்துகிறவர்களில் பலர் இந்த மூலையைத் திறந்து பார்த்ததே இல்லை.

சென்ற வருடம் அக்கா வீட்டில் இதே நிலைமை. அவள் மகனின் பிசி ஒரு ரூமில், ரவுட்டர் ஹாலில், விளையாட வேண்டியது ஒரு பழைய நாலாம் தலைமுறை ஐ3 லேப்டாப்பில். உங்களுடையதைப் போலவே யூஎஸ்பி டாங்கிள், HEVC, 1080p. அன்று திரையில் தெரிந்தவற்றில் முக்கியமான ஏழு வரிகள் இவை:

```
Incoming frame rate from network: 51.32 FPS
Decoding frame rate: 31.10 FPS
Rendering frame rate: 30.84 FPS
Host processing latency min/max/average: 4.1/38.6/17.9 ms
Frames dropped by your network connection: 6.21%
Average network latency: 11 ms (variance: 17 ms)
Average decoding time: 41.70 ms
```

இதில் ஒன்றல்ல, மூன்று நோய்கள் இருக்கின்றன. அதனால்தான் எதை மாற்றினாலும் சரியாகவில்லை என்று பையன் புலம்பிக்கொண்டிருந்தான். ஒன்றைச் சரிசெய்தாலும் மற்ற இரண்டும் கேமைத் திக்கவைத்துக்கொண்டே இருந்தன.

முதல் நோய் நெட்வொர்க். ஐந்தாவது, ஆறாவது வரிகளைப் பாருங்கள். நூற்றுக்கு ஆறு ஃப்ரேம் வழியில் தொலைகிறது. பாக்கெட் போய்வரும் நேரம் சராசரி 11 மில்லிசெகண்ட், ஆனால் அதன் ஏற்ற இறக்கம் 17. சராசரியை விட ஏற்ற இறக்கம் அதிகம் என்றால், சில பாக்கெட் 3 மில்லிசெகண்டிலும் சில 40, 50 மில்லிசெகண்டிலும் வந்துகொண்டிருக்கின்றன என்று பொருள். நான் முதலில் பார்ப்பது எப்போதும் இந்த variance எண்ணைத்தான்.

காரணம் எளிது. பிசி வைஃபையில், லேப்டாப்பும் வைஃபையில். ஒவ்வொரு பாக்கெட்டும் பிசியிலிருந்து ரவுட்டருக்கு ஒரு முறை, ரவுட்டரிலிருந்து லேப்டாப்புக்கு இன்னொரு முறை, ஆக இரண்டு தடவை காற்றில் போகிறது. இரண்டும் ஒரே சேனல். வைஃபையில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும், ஆகவே உங்கள் பாக்கெட் உங்கள் பாக்கெட்டுக்கே வழிவிட்டுக் காத்திருக்கிறது. அது போதாதென்று டாங்கிள் 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே தெரிந்த வகை. அந்த அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் மூன்றுதான்: 1, 6, 11. அடுக்குமாடி வீட்டில் பக்கத்து வீடு, மாடி வீடு எல்லோரும் அந்த மூன்றையே பங்கு போடுகிறார்கள். மைக்ரோவேவ் அடுப்பும் புளூடூத்தும் அங்கேதான்.

மருந்து, பிசியைக் கேபிளில் போடுவது. லேப்டாப்பையும் போனையும் கையில் எடுத்துக்கொண்டு நகர்வீர்கள் என்பது புரிகிறது, பிசி அப்படியில்லை, அது நகரப் போவதில்லை. ரவுட்டரிலிருந்து கதவு நிலையை ஒட்டி ஒரு கேட்6 கேபிளை இழுத்துவிடுங்கள், சில நூறு ரூபாய் ஆகும். காற்றுப் பயணம் இரண்டிலிருந்து ஒன்றாகிவிடும். ரவுட்டரின் போர்ட் 100 எம்பிபிஎஸ் வகையாக இருந்தாலும் கவலை வேண்டாம், நமக்குத் தேவை அதில் ஐந்தில் ஒரு பங்கு. இந்தப் பதிலில் ஒன்றே ஒன்றைத்தான் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள். புது ரவுட்டர் வாங்குவதை விட இது பலன் தரும். ரிப்பீட்டர் வாங்கும் யோசனை இருந்தால் அதை விடுங்கள், ஒரே ரேடியோவில் வாங்கி அதிலேயே திருப்பி அனுப்பும் மலிவான ரிப்பீட்டர், காற்றுப் பயணத்தை இன்னும் ஒன்று கூட்டும்.

மறுமுனையில் லேப்டாப்பையும் போனையும் 5 கிகாஹெர்ட்ஸில் இணையுங்கள். பல ரவுட்டர்கள் இரண்டு அலைவரிசைக்கும் ஒரே பெயர் வைத்திருக்கும், கருவி தனக்குப் பிடித்ததில் ஒட்டிக்கொள்ளும். ரவுட்டர் பக்கத்துக்குள் போய் 5 கிகாஹெர்ட்ஸுக்குத் தனிப் பெயர் கொடுத்துவிட்டால் சந்தேகம் இருக்காது. சேனலை 36 முதல் 48க்குள் ஒன்றில் நிறுத்துங்கள். நடுவில் இருக்கும் சில சேனல்களை ரேடார்களுடன் பகிர வேண்டும், ரேடார் சிக்னல் தென்பட்டால் ரவுட்டர் சேனல் மாறி ஓடும், அப்போது கேம் அறுந்துபோகும். ஒரு குறை: 5 கிகாஹெர்ட்ஸ் ஒன்பது இஞ்ச் செங்கல் சுவரை ஒன்று தாண்டும், இரண்டாவதில் திணறும். ஆகவே விளையாடும் இடமும் ரவுட்டரும் ஒரே ஹாலில் இருப்பது உத்தமம். உங்கள் வீட்டில் அப்படித்தான் என்று நினைக்கிறேன்.

உங்கள் பழைய லேப்டாப்பின் வைஃபை கார்டுக்கு 5 கிகாஹெர்ட்ஸே தெரியாது என்றால்? அந்தக் காலத்து மலிவு லேப்டாப்புகள் பலவும் அப்படித்தான். ஆனால் அவற்றின் பக்கவாட்டில் பெரும்பாலும் ஒரு கேபிள் போர்ட் இருக்கும், இன்றைய மெல்லிய லேப்டாப்புகளில் இல்லாத பாக்கியம். ரவுட்டர் பக்கத்தில் இருந்தால் ஒரு சிறிய கேபிளைச் செருகிவிடுங்கள். அக்கா வீட்டில் அதைத்தான் செய்தோம்: டிவி அலமாரியில் ரவுட்டர், கீழே சோபா, நடுவில் மூன்று மீட்டர் கேபிள். பார்க்க அழகில்லை என்று அக்கா முகம் சுளித்தாள், அவ்வளவுதான்.

நெட்வொர்க் சரியாகிவிட்டதா என்று மூன்லைட் இல்லாமலே சோதிக்கலாம். லேப்டாப்பில் கமாண்ட் ப்ராம்ப்ட் திறந்து ரவுட்டரின் முகவரிக்கு நூறு முறை பிங் அடியுங்கள், உங்கள் ரவுட்டரின் முகவரி கீழே இருப்பது இல்லையென்றால் அதை மாற்றிப் போடுங்கள். பிசியின் முகவரிக்கு வேண்டாம், விண்டோஸ் ஃபயர்வால் பிங்குக்குப் பதில் சொல்லாமல் இருக்கலாம், வீணாகக் குழம்புவீர்கள்.

```
ping -n 100 192.168.1.1
```

எல்லாம் 1 முதல் 5 மில்லிசெகண்டுக்குள் இருந்தால் நல்லது. நடுநடுவே 60, 150 என்று துள்ளினால் அந்த வைஃபையில் எந்த செட்டிங்கும் வேலை செய்யாது. அந்தத் துள்ளல் ஒழுங்கான இடைவெளியில், நிமிடத்துக்கு ஒன்று என்பதுபோல் வருகிறதா என்றும் கவனியுங்கள். அப்படி வந்தால் காரணம் வேறு: வைஃபை கார்டு வேறு நெட்வொர்க் ஏதாவது இருக்கிறதா என்று அவ்வப்போது சுற்றிலும் எட்டிப் பார்க்கிறது. எட்டிப் பார்க்கும் நேரத்தில் நம் பாக்கெட்டை வாங்க ஆளில்லை. விளையாடும்போது அப்படிச் செய்யாதே என்று மூன்லைட்டே விண்டோஸிடம் கேட்டுக்கொள்கிறது, ஆனால் சில பழைய டிரைவர்கள் அதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை. அப்போது அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்த ப்ராம்ப்டில் இதை அடிக்கலாம்:

```
netsh wlan set autoconfig enabled=no interface="Wi-Fi"
```

விளையாடி முடித்ததும் no என்பதை yes ஆக்கி மறுபடி அடிக்க மறக்காதீர்கள். மறந்தால் அடுத்த முறை லேப்டாப்புக்கு எந்த வைஃபையும் தெரியாது, வீட்டில் இருக்கும் மற்றவர்கள் உங்களைத் தேடுவார்கள்.

இரண்டாவது நோய் லேப்டாப்பில். கடைசி வரி: ஒரு ஃப்ரேமைப் பிரித்துப் படமாக்க 41.70 மில்லிசெகண்ட். கைவசம் இருக்கும் அவகாசமோ 16.7. வினாடிக்கு 51 ஃப்ரேம் வந்து சேர்ந்தும் 31ஐத்தான் அதனால் படமாக்க முடிந்தது. இது HEVC செய்த வேலை. வீடியோவைப் பிரிக்க ஒவ்வொரு சிப்பிலும் தனியாக ஒரு பகுதி இருக்கும், அந்தப் பகுதிக்குத் தெரிந்த வடிவம் என்றால் நொடியில் முடித்துவிடும். தெரியாத வடிவம் என்றால் அந்தச் சுமை முழுவதும் பிராசஸரின் தலையில். இன்டெல்லில் HEVCஐ முழுமையாகப் பிரிக்கும் பகுதி 2015இல் வந்த ஆறாம் தலைமுறையிலிருந்துதான் தொடங்குகிறது. உங்கள் நாலாம் தலைமுறைக்கு அது தெரியாது. அதற்கு முந்தைய வடிவமான H.264 நன்றாகத் தெரியும். மூன்லைட்டை இயல்பு நிலையில் விட்டிருந்தால் அதுவே H.264ஐத் தேர்ந்தெடுத்திருக்கும். நீங்கள் கையால் HEVC என்று கட்டாயப்படுத்தியதுதான் வினை. அதே மெனுவில் இருக்கும் AV1க்கும் இதே பதில், இன்டெல்லில் அது பதினோராம் தலைமுறையிலிருந்து.

HEVC சிறந்தது என்று எங்கும் படித்திருப்பீர்கள், பொய்யில்லை. ஒரே தரத்தைக் குறைந்த பிட்ரேட்டில், அதாவது குறைந்த எம்பிபிஎஸ்ஸில், தரும் என்பதே அதன் சிறப்பு. இணையத்தில் தூரத்துக்கு அனுப்பும்போது அது பொன். வீட்டுக்குள் பிட்ரேட் நமக்குத் தட்டுப்பாடே இல்லை, ஆகவே பலவீனமான லேப்டாப்பில் அதற்கு வேலை கிடையாது.

அதே மூச்சில் 1080pயையும் கீழே இறக்குங்கள். உங்கள் திரையில் இருப்பதே 1366x768 புள்ளிகள். 1080p அனுப்பினால் லேப்டாப் ஏறத்தாழ இரண்டு மடங்கு புள்ளிகளைப் பிரித்து, பிறகு அதையே சுருக்கிக் காட்டுகிறது. 720p, 60 ஃப்ரேம், 10 முதல் 15 எம்பிபிஎஸ் போதும். 10 வைத்தால் ஃப்ரேமுக்கு இருபது சொச்சம் பாக்கெட்தான், முன்பு நூறு அனுப்பிய இடத்தில். எழுத்துகள் கொஞ்சம் மங்கினால் 20 வரை ஏற்றிப் பாருங்கள், ஏற்றும்போது ஐந்தாவது வரியில் கண் வையுங்கள்.

மூன்றாவது நோயை யாரும் சந்தேகிப்பதில்லை, ஏனென்றால் அது வலுவான முனையில், பிசியில் இருக்கிறது. நூற்றுக்கு ஆறு தொலைந்தால் 60இல் 56 வந்திருக்க வேண்டும். வந்தது 51. அப்படியானால் பிசி 60 அனுப்பவே இல்லை, 55 அளவில்தான் அனுப்பியிருக்கிறது. நாலாவது வரி அதை உறுதி செய்கிறது: பிசி ஒரு ஃப்ரேமைப் பிடித்துச் சுருக்க ஆன நேரம் குறைந்தபட்சம் 4, அதிகபட்சம் 38.6, சராசரி 17.9 மில்லிசெகண்ட். நல்ல நாளில் இது 5க்குள் இருக்கும்.

3060 மாதிரி கார்டில் வீடியோவைச் சுருக்குவதற்கென்று தனிப் பகுதி இருக்கிறது, கேமுக்கும் அதற்கும் பெரிய போட்டி இல்லை. ஆனால் திரையில் இருக்கும் படத்தைப் பிடித்து, நிறத்தை மாற்றி, அந்தப் பகுதியிடம் கொடுக்கும் சிறு வேலை கார்டின் பொதுப் பகுதியில்தான் நடக்கிறது. கேம் கார்டை 99 சதவீதம் விழுங்கிக்கொண்டிருந்தால் இந்தச் சிறு வேலை வரிசையில் நிற்கிறது. பையனின் மானிட்டர் 144 ஹெர்ட்ஸ், கேமை எல்லையில்லாமல் ஓடவிட்டிருந்தான். கார்டு வினாடிக்கு நூற்றுச் சொச்சம் ஃப்ரேம் வரையத் திணறிக்கொண்டிருந்தது, அதில் நமக்குத் தேவை 60.

கேமின் உள்ளேயே ஃப்ரேம் எல்லையை 60க்கு வையுங்கள். உள்ளே அந்த வசதி இல்லையென்றால் என்விடியா கன்ட்ரோல் பேனலில் Max Frame Rate என்று இருக்கும். ஃப்ரேமைத் திரையின் புதுப்பித்தலோடு ஒத்துப்போக வைக்கும் விசின்க்கைக் கேமில் அணைத்துவிடுங்கள், அது தாமதத்தைத்தான் கூட்டும். படம் குறுக்கே கிழிந்து தெரிவதைத் தடுக்கும் வேலையை லேப்டாப் பக்கம் மூன்லைட்டின் விசின்க் பார்த்துக்கொள்ளும், அதை ஆனில் விடுங்கள். 60க்குக் கட்டியபிறகும் கார்டு 95க்கு மேல் போகிறது என்றால் நிழல், பிரதிபலிப்பு இரண்டையும் ஒரு படி இறக்குங்கள். 720p படத்தில் அந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிப்பவருக்கு நான் டீ வாங்கித் தருகிறேன்.

மூன்றையும் முடித்தபிறகு அதே லேப்டாப், அதே கேம்:

```
Incoming frame rate from network: 59.94 FPS
Decoding frame rate: 59.94 FPS
Host processing latency min/max/average: 3.0/7.8/4.3 ms
Frames dropped by your network connection: 0.02%
Average network latency: 3 ms (variance: 1 ms)
Average decoding time: 5.12 ms
```

கூட்டிப் பாருங்கள்: பிசியில் 4, வழியில் போய்வர 3, லேப்டாப்பில் 5, பிறகு திரை அடுத்த முறை புதுப்பிக்கும் வரை காத்திருக்க மேலும் சில. பிசியின் முன் உட்கார்ந்து விளையாடுவதை விடக் கூடுதலாக ஆகும் நேரம் 20 மில்லிசெகண்ட் பக்கம். கதை சொல்லும் கேம், கார் ரேஸ், கிரிக்கெட், கால்பந்து எல்லாவற்றுக்கும் இது தாராளம். போட்டித் துப்பாக்கிச் சண்டை கேம்களுக்கு ஆகாது, அங்கே எதிராளி அந்த ஒன்றிரண்டு ஃப்ரேமில் உங்களைச் சாய்த்துவிடுவான். தாளத்துக்கு ஏற்ப அழுத்தும் இசை கேம்களும் கை கொடுக்காது.

போனுக்கு வருவோம். சமீபத்திய போனாக இருந்தால் வீடியோவைப் பிரிப்பதில் உங்கள் லேப்டாப்பை விட அது பல மடங்கு தேவலாம், HEVC வைத்தாலும் சிரித்துக்கொண்டே செய்யும். அங்கே சிக்கல் வேறு இரண்டு. ஒன்று, கன்ட்ரோலர். புளூடூத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையும் ஒரே அலைவரிசையில், போனுக்குள் பல சமயம் ஒரே ஆன்டெனாவில். போன் 2.4இல் இருக்கும்போது புளூடூத் கன்ட்ரோலரை இணைத்தால் வீடியோவும் திக்கும், பட்டனும் தாமதமாகும். கன்ட்ரோலரை அணைத்துவிட்டு வெறும் படத்தை மட்டும் ஓடவிட்டால் உடனே சீராகிறதா என்று பாருங்கள். சீரானால் குற்றவாளி இதுதான். போனை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள், அல்லது கன்ட்ரோலரை ஓடிஜி கேபிளில் நேரடியாகச் செருகுங்கள். இரண்டு, போனின் லொகேஷன் செட்டிங்ஸில் வைஃபை ஸ்கேனிங் என்று ஒன்று இருக்கும், லேப்டாப்பில் சொன்ன அதே எட்டிப் பார்க்கும் பழக்கம். விளையாடும்போது அதையும் பேட்டரி சேவரையும் அணைத்து வையுங்கள். திரையில் தொட்டு விளையாடும் பட்டன்களையும் மூன்லைட் தரும், மெதுவான கேமுக்குச் சமாளிக்கலாம். மற்றபடி கட்டைவிரல் பாதித் திரையை மறைத்துவிடும். போன் திரை நீளமானது, பிசியின் படம் 16:9, ஆகவே இரு பக்கமும் கறுப்புப் பட்டை வரும். அது பழுதில்லை.

போன் மூன்லைட்டில் பிசியே தெரியவில்லை என்றால், போன் ரவுட்டரின் கெஸ்ட் நெட்வொர்க்கில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கெஸ்டில் இருக்கும் கருவிகள் வீட்டின் மற்றக் கருவிகளைப் பார்க்க முடியாதபடிதான் ரவுட்டர் வைத்திருக்கும். அது இல்லையென்றால் பிசியின் ஐபி முகவரியை மூன்லைட்டில் கையால் சேர்த்துப் பாருங்கள்.

இணையத்தில் பழைய வழிகாட்டிகளைப் படித்து, ஜிஃபோர்ஸ் எக்ஸ்பீரியன்ஸில் ஷீல்ட் பட்டனைத் தேடிக்கொண்டிருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. மூன்லைட் முதலில் என்விடியாவின் கேம்ஸ்ட்ரீமுக்கு மறுமுனையாகப் பிறந்தது. 2023இல் என்விடியா அந்த வசதியை எடுத்துவிட்டது. இப்போது பிசி பக்கம் அந்த வேலையைச் செய்வது சன்ஷைன். அது ஏஎம்டி, இன்டெல் கார்டுகளிலும் ஓடும். அதன் செட்டிங்ஸ் பிசியின் பிரவுசரில் https://localhost:47990 என்ற முகவரியில் திறக்கும். பாதுகாப்பற்ற தளம் என்று பிரவுசர் பயமுறுத்தும், உங்கள் பிசியே தனக்குத்தானே கொடுத்துக்கொண்ட சான்றிதழ் என்பதால்தான் அது, தாண்டிப் போகலாம். ரவுட்டரில் எந்தப் போர்ட்டையும் வெளியே திறந்துவிட வேண்டாம், வீட்டுக்குள் விளையாட அது தேவையே இல்லை.

கடைசியாக, எல்லாம் சரியாகி இரண்டு நாள் கழித்து நீங்கள் சந்திக்கப்போகும் ஒன்று. ஹாலில் உட்கார்ந்து மூன்லைட்டைத் தட்டுவீர்கள், படம் வராது, பிழைச் செய்தி வரும். ரூமுக்குப் போய்ப் பார்த்தால் பிசி ஓடிக்கொண்டுதான் இருக்கும். மானிட்டரை மட்டும் சுவிட்சில் அணைத்திருப்பீர்கள். சன்ஷைன் திரையில் இருப்பதைப் பிடித்து அனுப்புகிறது, திரையே இல்லை என்று விண்டோஸ் நினைத்துவிட்டால் பிடிக்க ஒன்றும் இல்லை. டிஸ்ப்ளேபோர்ட்டில் இணைத்த மானிட்டர்களில் இது அதிகம். மானிட்டரை அணைக்காமல் வெளிச்சத்தை மட்டும் குறைத்துவிடலாம். அது பிடிக்கவில்லை என்றால், மானிட்டர் இருப்பதாகக் கார்டை நம்பவைக்கும் எச்டிஎம்ஐ டம்மி பிளக் ஒன்றைக் கார்டின் காலி போர்ட்டில் செருகிவிடுங்கள், கட்டைவிரல் அளவுதான் இருக்கும். செருகியபிறகு விண்டோஸ் இரண்டு திரை இருப்பதாக எண்ணி, கேமை நீங்கள் பார்க்காத திரையில் திறக்கக்கூடும். மெயின் திரை எது என்பதை டிஸ்ப்ளே செட்டிங்ஸில் ஒரு முறை சரிபார்த்துவிட்டு ஹாலுக்கு வாருங்கள்.